முதற் பெட்டி சந்தையில், இரண்டாம் பெட்டி சொந்த வாசலில்
(பழைய மாணவிகள் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளை நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் பேசுவது மூவர். ஒரே வகுப்பில் படித்த நாங்கள் மூவரும் இலண்டனில் ஒரு வீட்டுச் சமையலறையின் பின்னறையில் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரமும் உதட்டுத் தைலமும் செய்து விற்கிறோம். கடந்த இரண்டு வருடங்களில் எங்கள் சங்கத்தைச் சேர்ந்த பலர் தொலைபேசியில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "எட்சி போன்ற இணையச் சந்தையில் கடை போடுவதா, அல்லது சொந்தமாக ஓர் இணையத்தளம் கட்டுவதா?" என்பதே அது. கேட்டவர்களில் சிலர் வேலையை விட்டுவிட்டு இதிலே இறங்க நினைப்பவர்கள். சிலர் இணையத்தளம் கட்டித்தருவதாகச் சொன்ன ஒருவருக்கு ஆயிரம் பவுண் முற்பணம் கொடுக்கும் தறுவாயில் இருப்பவர்கள். ஆகவே செயற்குழு எங்களைப் பேச அழைத்தபோது, அந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்வது என்று முடிவு செய்தோம்.

நாங்கள் சொல்லும் எண்கள் பிரித்தானியாவுக்கு உரியவை. இந்த உரையை எழுதும் நேரத்தில் நடைமுறையில் உள்ளவை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர்கள் எங்கள் எண்களை எடுத்துவிட்டுத் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். கணக்கின் வழி மாறாது.

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். நூறு கிராம் எடையுள்ள மூன்று சவர்க்காரங்கள் அதில் இருக்கின்றன. விலை 18 பவுண். தபாற் செலவாக வாடிக்கையாளர் 3 பவுண் 50 பென்ஸ் தருகிறார். அவர் செலுத்தும் மொத்தம் 21 பவுண் 50. தபாலுக்கு வாங்கியது தபாலுக்கே போய்விடும். எண்ணெய்கள், கோஸ்டிக் சோடா, வாசனைத் தைலம், பெட்டி, தாள் எல்லாம் சேர்ந்து 4 பவுண் 80 என்று வையுங்கள். மிச்சம் 13 பவுண் 20. எங்கள் உழைப்புக்கும் மின்சாரத்துக்கும் காப்புறுதிக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இப்போது கேள்வி இதுதான்: இந்த 13 பவுண் 20 இல் விற்கும் இடம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது?

முதலில் சந்தை. எட்சியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சதம். அதாவது ஏறத்தாழ 16 பென்ஸ். அது நான்கு மாதத்துக்குச் செல்லும், விற்றால் மறுபடி கட்ட வேண்டும். விற்பனைத் தரகு 6.5 வீதம். பலர் கவனிக்காத ஒன்று, இந்தத் தரகு பொருளின் விலைக்கு மட்டுமல்ல, தபாற் கட்டணத்துக்கும் சேர்த்தே அறவிடப்படும். ஆகவே 21 பவுண் 50 இல் 6.5 வீதம், 1 பவுண் 40. அட்டைக் கொடுப்பனவைக் கையாள 4 வீதமும் 20 பென்சும். அது 1 பவுண் 6 பென்ஸ். இதைவிட ஒழுங்குவிதிக் கட்டணம் என்று சில பென்ஸ். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 2 பவுண் 70. கட்டணங்களின் மேல் சேரும் வரியை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே விட்டிருக்கிறோம். கையில் மிஞ்சுவது 10 பவுண் 50.

இத்துடன் இன்னொன்று. எட்சி தன் செலவில் கூகிள், முகநூல் போன்ற வெளியிடங்களில் எங்கள் பொருளை விளம்பரம் செய்யும். அந்த விளம்பரத்தை அழுத்திய ஒருவர் 30 நாட்களுக்குள் எங்கள் கடையில் வாங்கினால், அந்த விற்பனைக்கு மேலதிகமாக 15 வீதம் கட்ட வேண்டும். எங்கள் பெட்டிக்கு அது 3 பவுண் 23. அப்போது கையில் மிஞ்சுவது 7 பவுண் 30க்குச் சற்றுக் குறைவு. ஓராண்டு விற்பனை 10,000 டொலரைத் தாண்டாத கடைகள் இந்த விளம்பரம் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். தாண்டிய கடைக்கு வீதம் 12 ஆகக் குறையும். ஆனால் அதன்பின் விலக முடியாது. அந்தக் கடை இருக்கும்வரை கட்டாயம். 10,000 டொலர் என்பது பெரிய தொகைபோலக் கேட்கிறது. எங்கள் பெட்டிக் கணக்கில் அது ஏறத்தாழ 370 பெட்டி. நாளொன்றுக்கு ஒரு பெட்டி விற்றால் கோட்டைத் தொட்டுவிடலாம். வளரும்போதே விதியும் மாறுகிறது என்பதை மனதில் வையுங்கள்.

இனிச் சொந்த இணையத்தளம். மாதக் கட்டணம் செலுத்தி ஷொப்பிஃபை போன்ற சேவையில் கடை திறக்கலாம். நாங்கள் வேர்ட்பிரஸ் மேல் வூகொமர்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஸ்ட்ரைப் மூலம் அட்டைப் பணம் பெறுகிறோம். பிரித்தானியாவின் சாதாரண அட்டை ஒன்றுக்கு ஸ்ட்ரைப் எடுப்பது 1.5 வீதமும் 20 பென்சும். எங்கள் பெட்டிக்கு 52 பென்ஸ். கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 12 பவுண் 70. சந்தையோடு ஒப்பிட்டால் பெட்டிக்கு 2 பவுண் 20 கூடுதல். தள வாடகை, பெயர்ப் பதிவு, செய்திமடல் அனுப்பும் செலவு என எங்களுக்கு மாதம் 15 பவுண் போகிறது. மாதம் ஏழு பெட்டி விற்றால் அந்தச் செலவு தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் பேனாவை வைத்துவிட்டு, "அப்படியென்றால் சொந்தத் தளம்தான்" என்பார்கள். பொறுங்கள். அந்த ஏழு பேரும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கணக்கில் எங்கும் எழுதவில்லையே.

சந்தைக்கு வருகிறவர் பொருளைத் தேடி வருகிறார். "கைச் சவர்க்காரம்", "தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம்" என்று எழுதித் தேடுகிறார். எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சொந்தத் தளத்துக்கு வருகிறவர் பெயரைத் தேடி வருகிறார். பெயர் தெரியாதவர் அங்கே வரமாட்டார். அவரை விளம்பரம் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். ஓர் உதாரணம் போடுவோம். ஒரு தடவை அழுத்த 40 பென்ஸ் விளம்பரச் செலவு என்றும், வந்து பார்க்கும் நூறு பேரில் இருவர் வாங்குகிறார்கள் என்றும் வையுங்கள். நூறு பேரை அழைக்க 40 பவுண். வாங்கியவர் இருவர். ஆகவே ஒரு பெட்டியை விற்க 20 பவுண் செலவு. அந்தப் பெட்டியில் எங்களுக்கு மிஞ்சுவதோ 12 பவுண் 70. ஒவ்வொரு பெட்டிக்கும் 7 பவுண் 30 கையை விட்டுப் போகிறது. சந்தை எடுக்கும் 2 பவுண் 70 உம், விளம்பரத்தோடு எடுக்கும் 5 பவுண் 90 உம் இதன் பக்கத்தில் வைத்தால் மலிவு. புதிய ஆளைக் கூட்டிவரும் கூலி என்று பார்த்தால் சந்தையின் தரகு அநியாயமானது அல்ல.

ஆனால் சவர்க்காரம் மாலை அல்ல, ஓவியம் அல்ல. அது கரைந்து தீரும் பொருள். கையால் செய்த நூறு கிராம் சவர்க்காரம், தண்ணீர் தேங்காத பெட்டியில் வைத்துப் பாவித்தால், ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போகும். மூன்றுள்ள பெட்டி மூன்று மாதம். பிடித்திருந்தால் அவர் மறுபடி வாங்க வேண்டும். அந்த இரண்டாம் பெட்டியை அவர் சந்தையில் வாங்கினால், ஏற்கெனவே எங்களை அறிந்த ஒருவருக்காக மறுபடியும் அழைப்புக் கூலி கட்டுகிறோம். அதைவிட, அவர் எங்கள் பெயரை எழுதித் தேடினாலும் அதே பக்கத்தில் வேறு பத்துப்பேரின் சவர்க்காரமும் வரிசையாக நிற்கும். அழகுசாதனப் பொருள் விற்பவருக்குக் கேள்வி "சந்தையா, தளமா?" என்பதல்ல. "எந்தப் பெட்டி எங்கே?" என்பதே. முதற் பெட்டி சந்தையில். இரண்டாம் பெட்டி சொந்த வாசலில். இதுதான் எங்கள் பதில்.

எப்போது வாசலைத் திறப்பது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முதற் பெட்டி வாங்கிய பத்துப்பேரில் மூவர் திரும்பி வந்து, அந்த ஆண்டில் இன்னும் இரண்டு தடவை வாங்குகிறார்கள் என்று வைப்போம். நூறு புதியவர்களிடமிருந்து அறுபது மறுவிற்பனை வரும். அவை சொந்தத் தளத்தில் நடந்தால், பெட்டிக்கு 2 பவுண் 20 வீதம் மிச்சம் 132 பவுண். தளத்தின் ஆண்டுச் செலவோ 180 பவுண். நட்டம்! நூற்று நாற்பது புதியவர்கள் சேரும்போதுதான் இரண்டும் சமமாகும். ஆகவே முதலாவது பெட்டியை விற்குமுன் ஆயிரம் பவுண் கொடுத்துத் தளம் கட்டும் தங்கைமாருக்கு நாங்கள் சொல்வது: முதலில் சந்தையில் நூற்று நாற்பது பேரிடம் விற்றுப் பாருங்கள். எத்தனைபேர் திரும்பி வருகிறார்கள் என்று எண்ணுங்கள். பத்துக்கு ஒருவர்தான் வருகிறார் என்றால், உங்கள் குறை தளத்தில் இல்லை, சவர்க்காரத்திலோ விலையிலோ இருக்கிறது. அந்தக் குறையைத் தளம் தீர்க்காது.

அந்த நூற்று நாற்பது பேரைச் சொந்த வாசலுக்கு எப்படி அழைப்பது? இதில் நேர்மை முக்கியம். சந்தை மூலம் வந்த ஒருவரிடம், "இதே பொருளை எங்கள் தளத்தில் வாங்குங்கள், மலிவாகத் தருகிறோம்" என்று செய்தி அனுப்புவது அங்கே விதிமீறல். அப்படிச் செய்த கடைகள் மூடப்படலாம். சந்தை எங்களுக்குத் தரும் மின்னஞ்சல் முகவரி அந்தக் கட்டளையை நிறைவேற்றுவதற்கு மட்டுமே. அதை எடுத்து விளம்பரம் அனுப்பினால், சந்தையின் விதியை மட்டுமல்ல, நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறுகிறோம். ஆனால் பொருள் ஊமை அல்ல. சட்டப்படி ஒவ்வொரு அழகுசாதனப் பொருளிலும் பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். எங்கள் வணிகப் பெயர் பெட்டியில் தெளிவாக, பெரிய எழுத்தில் இருக்கிறது. யாரும் எழுதித் தேடக்கூடிய, எழுத்துப் பிழை வராத ஒரு சிறிய பெயர். மூன்று மாதம் குளியலறையில் அந்தப் பெயரைப் பார்த்த ஒருவர் தானாகவே தேடி வருவார். பெயர் வைக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். அழகான தமிழ்ச் சொல்லாக இருந்தாலும், ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதக்கூடிய பெயர் இதற்கு உதவாது.

சொந்தத் தளத்தில் வாங்கியவரின் மின்னஞ்சல் எங்களிடம் இருக்கும். வாங்கும்போதும் பின்னர் ஒவ்வொரு கடிதத்திலும் "வேண்டாம்" என்று விலகும் வழியைத் தந்திருந்தால், அதேவகைப் பொருளைப் பற்றி அவருக்கு எழுதச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் எழுதுவது பத்து வாரத்துக்கு ஒருமுறை. சவர்க்காரம் தீரப்போகும் நேரத்தில். அந்த ஒரு கடிதம்தான் எங்கள் முழு விளம்பரமும்.

பணக் கணக்கைவிடப் பெரிய இன்னொரு காரணம் உண்டு. எங்கள் பொருள் மனிதரின் தோலில் படுகிறது. குளிர்முறையில் செய்த சவர்க்காரம் நான்கு முதல் ஆறு வாரம் உலர வேண்டும். எண்ணெய் பழையதாக இருந்தாலோ, ஈரமான இடத்தில் வைத்தாலோ, சில மாதத்தில் அதன்மேல் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றி, கனத்த எண்ணெய் நாற்றம் அடிக்கும். சூரியகாந்தி எண்ணெய் அதிகம் சேர்த்தவற்றில் இது விரைவில் வரும். ஆபத்தானது என்று சொல்ல முடியாது; ஆனால் விற்கக்கூடாது. ஆகவே ஒவ்வொரு வார்ப்பிலும் இரண்டு சவர்க்காரத்தை விற்காமல் எடுத்து வைத்து மாதந்தோறும் பார்ப்போம். வைத்திருந்ததில் புள்ளி தோன்றினால், அந்தத் தொகுதி இலக்கம் யார் யாரிடம் போனது என்று உடனே தெரிய வேண்டும். சொந்தத் தளத்தில் கட்டளை இலக்கத்துக்குப் பக்கத்தில் தொகுதி இலக்கத்தைக் குறித்து வைத்தால், அன்று மாலையே அத்தனை பேருக்கும் எழுதலாம். சந்தையில் விற்றவர்களுக்கு அந்தச் சந்தையின் செய்திப் பெட்டி ஊடாகவே ஒவ்வொருவராக எழுத வேண்டும். அந்தக் கடை ஏதோ காரணத்தால் நிறுத்தப்பட்டிருந்தால் அந்த வழியும் அடைபடும். எனவே எங்கே விற்றாலும் கட்டளை இலக்கம், தொகுதி இலக்கம், திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுகிறோம்.

சட்டத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. "சந்தையில் விற்றால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சொந்தத் தளம் என்றால்தான் பத்திரங்கள் வேண்டும்" என்று நினைக்கிறார்கள். இரண்டிலும் ஒன்றுதான். பிரித்தானியாவில் ஒரு சவர்க்காரத்தை விற்குமுன் தகுதி பெற்ற ஒருவர் தயாரித்த பாதுகாப்பு அறிக்கை வேண்டும். அரசின் இணைய வாசலில் பொருளைப் பதிவு செய்ய வேண்டும். உள்ளடக்கப் பட்டியலும் தொகுதி இலக்கமும் பெட்டியில் அச்சிட வேண்டும். பொருளின் கோவையைக் கடைசித் தொகுதி விற்பனைக்கு விட்டதிலிருந்து பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கனடாவில் முதல் விற்பனை நடந்து பத்து நாட்களுக்குள் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பாரிசில் இருக்கும் சித்தி கேட்கிறார் என்று அங்கே விற்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளரும் தனிப் பதிவும் தேவை. வட அயர்லாந்தும் இந்த விடயத்தில் ஒன்றியத்தின் விதியிலேயே இருக்கிறது. சந்தையிலும் தளத்திலும் எந்த நாடுகளுக்கு அனுப்புகிறோம் என்று குறிக்கும் இடம் உண்டு. திறக்கும் முதல் நாளே அதைத் திருத்தி வையுங்கள். "உலகம் முழுவதும்" என்று இருந்தால் கட்டளை வந்தபின் மறுக்க நேரும்.

பாதுகாப்பு அறிக்கை ஒவ்வொரு செய்முறைக்கும் தனித்தனியே வாங்குவது. ஒரே அடிப்படைச் சவர்க்காரத்தில் வாசனையை மட்டும் மாற்றினாலும், அந்த வாசனை அறிக்கையில் இருக்க வேண்டும். இதுவும் எங்கே விற்பது என்பதோடு தொடர்புபடுகிறது. சந்தையில் பட்டியல் அதிகமாக இருந்தால் தேடுவோர் கண்ணில் அதிகம் படலாம் என்று எண்ணி, இருபது வாசனைகளில் செய்யத் தூண்டும். ஒவ்வொன்றுக்கும் செலவும், ஒவ்வொன்றிலும் விற்காமல் தேங்கும் கையிருப்பும் சேரும். திரும்பி வருபவரோ எப்போதும் வாங்கும் ஒன்றையே வாங்குகிறார். சொந்தத் தளத்தில் எங்களுக்கு ஐந்து பொருள்கள் போதும். சந்தையிலும் அந்த ஐந்தையே வைத்திருக்கிறோம்.

எழுதும் சொல்லிலும் கவனம் வேண்டும். எங்கள் அம்மம்மாமார் வேப்பெண்ணெயைப் பற்றி என்னென்ன சொன்னார்களோ அதையெல்லாம் எழுத ஆசை வரும். "வரண்ட தோலுக்கு இதமானது" என்று எழுதலாம். "எக்சிமாவைக் குணமாக்கும்" என்று எழுதினால், சட்டத்தின் கண்ணில் அது சவர்க்காரம் அல்ல, அனுமதி பெறாத மருந்து. இதில் சொந்தத் தளத்துக்கே உரிய ஒரு பொறி உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் அன்போடு, "உங்கள் சவர்க்காரத்தால் என் மகனின் எக்சிமா மாறிவிட்டது" என்று எழுதுகிறார். அதை எடுத்து எங்கள் முகப்புப் பக்கத்தில் போட்டால் அது அவருடைய சொல் அல்ல, எங்களுடைய விளம்பரம் ஆகிவிடும். அவருக்கு நன்றி எழுதுங்கள். முகப்பில் போடாதீர்கள்.

இரண்டு இடத்திலும் கடை வைத்தால் கையிருப்பில் ஒரு சிக்கல் வரும். எங்கள் ஒரு வார்ப்பில் நாற்பது சவர்க்காரம். இரண்டை எடுத்து வைத்தால் முப்பத்தெட்டு. இரண்டு கடையிலும் "முப்பத்தெட்டு உண்டு" என்று எழுதினால், நத்தார் காலத்தில் ஒரே இரவில் இரண்டிலும் விற்று, இல்லாத சவர்க்காரத்துக்குப் பணம் வாங்கியிருப்போம். புதிதாக வார்த்து உலர ஐந்து வாரம் வேண்டும். வாங்கியவர் ஐந்து நாளில் எதிர்பார்ப்பார். இரண்டு கையிருப்பையும் இணைக்கும் மென்பொருள் உண்டு; ஆனால் அதற்கும் மாதக் கட்டணம். நாங்கள் பிரித்துப் போடுகிறோம். வருட ஆரம்பத்தில் சந்தைக்கு இருபத்தைந்து, தளத்துக்குப் பதின்மூன்று. திரும்பி வருவோர் கூடக்கூட அந்தப் பங்கு மாறும். நத்தாருக்கு விற்க வேண்டியதை ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் வார்த்துவிட வேண்டும்.

சொந்தத் தளம் வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய ஒரு சோதனை: நீங்களே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். பணம் போகிறதா, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வருகிறதா, வந்தாலும் குப்பைப் பெட்டிக்குள் போகிறதா என்று பாருங்கள். தளம் பழுதானால் யாரும் தொலைபேசி எடுத்துச் சொல்லமாட்டார்கள், பேசாமல் போய்விடுவார்கள். ஒரு கிழமை கட்டளை இல்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மறுபுறம், நடு இரவில் ஒரு மணித்தியாலத்துக்குள் சிறு தொகையில் ஐம்பது கொடுப்பனவுகள் வந்து, பெரும்பாலானவை தோல்வியடைந்திருந்தால் மகிழ வேண்டாம். திருடிய அட்டை இலக்கங்கள் வேலை செய்கின்றனவா என்று யாரோ உங்கள் கடையில் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். வெற்றிபெற்ற பணத்தை உடனே திருப்பி அனுப்பி, கொடுப்பனவுப் பக்கத்தில் மனிதரா இயந்திரமா என்று கேட்கும் தடையைப் போட வேண்டும். சந்தையில் இந்தக் கவலை அவர்களுடையது. தரகில் ஒரு பங்கு இதற்கும்தான்.

இன்னொரு வகைக் கட்டளை எங்களைப் போன்றவர்களுக்கே உரியது. திருமணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் வருவோருக்குக் கொடுக்கும் சிறிய சவர்க்காரங்கள். ஒன்று 2 பவுண் 50 வீதம் நூற்றிருபது என்றால் 300 பவுண். சந்தையில் இதற்கு ஏறத்தாழ 33 பவுண் கட்டணம். சொந்தத் தளத்தில் அட்டையால் கட்டினால் 4 பவுண் 70. வங்கிக்கு நேரே அனுப்பினால் அதுவும் இல்லை. இப்படியான கட்டளைகள் உறவினர் வாய்ச்சொல்லால் வருபவை. அவர்களைக் கூட்டிவரச் சந்தைக்குக் கூலி தேவையில்லை. ஆகவே ஊரார் கேட்டால் கொடுக்கும் முகவரி எப்போதும் சொந்த வாசலாக இருக்கட்டும். ஆனால் சந்தையில் பார்த்துவிட்டு அங்கேயே விசாரித்த மணப்பெண்ணின் கட்டளையை அங்கேயே முடியுங்கள். அந்த 33 பவுண் அவர்கள் உழைத்தது. அந்த மணப்பெண்ணின் தங்கை அடுத்த வருடம் உங்கள் பெயரைத் தேடி வருவார்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தங்கைமார் கேட்டார்கள்: அங்கே டராஸ் போன்ற சந்தை இருக்கிறது, பொருள் கையில் கிடைத்தபின் பணம் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. இதை எப்படிக் கணக்கிடுவது? ஒரு வரியைக் கூட்டுங்கள். பத்துப் பொதியில் ஒன்றை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், அந்த ஒன்றின் போக்குவரத்துச் செலவை மற்ற ஒன்பதுக்கும் பகிர்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் கழியுங்கள். வெயிலில் வானில் கிடந்து உருகி வரும் உதட்டுத் தைலத்தை மறுபடி விற்க முடியாது. அதன் விலையையும் சேருங்கள். திரும்பி வரும் வாடிக்கையாளர் பொதியை மறுப்பது குறைவு. அவரிடம் முற்பணம் கேட்கலாம்; புதியவரிடம் கேட்பது கடினம். அங்கும் முதற் பெட்டிக்கும் இரண்டாம் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இதேதான்.

நாங்கள் மூவரும் இப்போது அந்த 10,000 டொலர்க் கோட்டுக்குக் கிட்ட வந்திருக்கிறோம். கோட்டைக் கடந்தால் விளம்பரத்தால் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் 12 வீதம், எங்கள் கணக்கில் 2 பவுண் 58, கட்டாயம். அஞ்சி நிற்பதா என்று மூவரும் இரண்டு மாதம் விவாதித்தோம். கணக்குத்தான் முடிவைத் தந்தது. விளம்பரத்தால் வரும் புதியவரிடமிருந்து எங்களுக்கு 7 பவுண் 90 மிஞ்சும். அது எங்கள் சொந்த விளம்பரத்தைவிட நல்லது. ஆனால் திரும்பி வரும் ஒருவர் சந்தையின் விளம்பரத்தை அழுத்தி உள்ளே வந்தால், எங்கள் சொந்த வாடிக்கையாளருக்காகவே அந்தக் கூலியைக் கட்டுவோம். ஆகவே கடக்கிறோம், அதற்கு முன்னர், ஒரு தடவைக்கு மேல் வாங்குவோருக்கு உரிய பெரிய பெட்டியைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டுத் தளத்தில் மட்டும் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் கொப்பியைத் திறந்து, திரும்பி வந்தோர் எத்தனை பேர், எந்த வாசலால் வந்தார்கள் என்று எண்ணுவோம். அந்த எண் குறைந்திருந்தால் முடிவை மாற்றுவோம்.

விரும்புவோருக்கு எங்கள் கணக்குத்தாளின் வெற்றுப் படிவம் வரவேற்பு மேசையில் இருக்கிறது. உங்கள் பெட்டியின் விலையையும் செலவையும் எழுதிக்கொண்டு வந்தால், தேநீர் இடைவேளையில் மூவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.